பன்னிரண்டடிக் கரும்பும் எட்டாம் மாடியும்

முப்பத்து நான்கு வருடம் நான் தபால் கந்தோரில் இருந்தவள். பூநகரி, துணுக்காய், கடைசியில் நெளுக்குளம். தந்தி அடித்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. 'அன்புள்ள அண்ணா அவர்களுக்கு' என்று ஆட்கள் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் சிவப்புப் பேனையால் அன்பை வெட்டி, அவர்களை வெட்டி, 'அண்ணா உடன் வா' என்று அனுப்பி வைப்பேன். நான் வெட்டியெறிந்த சொற்களை அடுக்கியிருந்தால் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு இன்னொரு ஏ-ஒன்பது றோட்டுப் போட்டிருக்கலாம்.

ஓய்வு பெற்ற கையோடு வட்ஸ்அப் வந்து சேர்ந்தது. சொல்லுக்கு ஒரு சதமும் இல்லை. அதன் பிறகு நான் என்ன ஆனேன் என்று என் அண்ணன் மகள் தாட்சாயினியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள். அவளும் அவள் புருசன் கோகுலனும் பக்கத்துக் காணியில்தான் இருக்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு வேலி, அந்த வேலியில் இருப்பது ஒரு கடப்பு, அந்தக் கடப்பால் ஒரு நாளைக்கு நாற்பது தரம் போய் வருவது நான்.

சென்ற வருடம் தாட்சாயினி துணிந்து ஒரு வேலை செய்தாள். நெல் விதைக்கிற ஒரு துண்டில் கறுப்புக் கரும்பு நட்டாள். கிணற்றடிப் பக்கம் ஆனியில், அதாவது வழக்கத்தைவிடப் பிந்தி, மஞ்சள் வைத்தாள். நேரத்துக்கு வைத்த மஞ்சள் தை பிறக்கும்போது இலை பழுத்துச் சரிந்துவிடும். பிந்தி வைத்தால் பச்சையாக நிற்கும். பொங்கல் பானையின் கழுத்தில் கட்டப் பச்சை இலையும் கிழங்கும் சேர்ந்த செடிதானே வேண்டும்? எல்லாம் கொழும்பை மனதில் வைத்துத்தான். அங்கே தொடர்மாடிகளில் இருக்கிற எங்கள் சனம் பொங்கலுக்கு முதல் நாள் சந்தையில் நெரிபட்டு வாடின கரும்பும் வதங்கின மஞ்சளும் வாங்குகிறது. அதைவிட, பானை, கரும்பு, மஞ்சள் செடி மூன்றையும் ஒரு கட்டாக முன்கூட்டியே பதிந்து வாங்கினால் எப்படி?

"நல்ல யோசினைதான். எத்தினை பேர் வாங்குவினம்?" என்று கோகுலன் கேட்டான். கோகுலன் ஒரு வசனத்துக்கு மேல் பேசினால் அன்றைக்கு மழை வரும்.

"அம்பது."

"அம்பது இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் காமென்ற்ஸுக்குப் போறன். கரும்பை நிண்ட நிலையில சாறு பிழியிறவனுக்குக் குடுப்பம்."

விளையாட்டுக்குச் சொன்ன கதையில்லை. உடுப்புத் தைக்கிற அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. டிசம்பர் பத்தொன்பதாம் திகதி காலை ஒன்பது மணிக்கு முன் முடிவு சொல்ல வேண்டும். ஐம்பது என்பதும் வாயில் வந்த எண்ணில்லை. கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிற லொறிக்காரன் சொன்னது அது. "அம்பது கட்டெண்டா பின்பக்கம் ஒரு மூலை ஒதுக்கித் தாறன். குறைஞ்சால் கத்தரிக்காய் ஏத்துறதுதான் எனக்கு ஆதாயம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

காலையில் ஆறு மணிக்குக் காணிக்குப் போய் மண்ணில் கையை வைத்தால்தான் தாட்சாயினிக்கு நாள் தொடங்கும். அவளை ஒரு தையல் மெசினுக்கு முன்னால் வரிசையில் இருத்தி மணியடித்து எழுப்பினால் ஒரு மாதத்தில் வாடிவிடுவாள். இதை அவள் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன். இதில் மட்டும் மிகைப்படுத்தல் இல்லை.

டிசம்பர் முதலாம் திகதி அவள் தன் போனில் ஒரு தகவல் எழுதிக்கொண்டு வந்தாள்.

"மாமி, பிழை கிழை இருக்கோ பாருங்கோ."

'பொங்கல் கட்டு. பானை 1, கரும்பு 2, மஞ்சள் செடி 1. டிசம்பர் 18 வரை பதியலாம்.' இவ்வளவுதான். கீழே ஒரு போன் நம்பர்.

"எடியே, இதென்ன மரண அறிவித்தலோ?" என்றேன். "சொல்லுக்குக் காசில்லைப் பிள்ளை. தா இஞ்ச."

அவள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருவதற்குள் நான் எழுதி, அவளுடைய பள்ளிக்கூடத் தோழி பிரேமிளாவுக்கு அனுப்பியும் விட்டேன். பிரேமிளா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் எட்டாம் மாடியில் இருக்கிறாள். அந்தக் கட்டடத்து வட்ஸ்அப் குழுவுக்கு அவள்தான் அட்மின். நான் எழுதியது இது:

'எட்டாம் மாடியில் வாழ்ந்தாலும் வன்னி மண்ணின் வாசனை மறவாத உறவுகளே! சூரியனுக்கு ஏணி வைத்தாற்போல் பன்னிரண்டடிக் கரும்பு இரண்டு, நுனி தொட்டு அடி வரை ஒரு வெட்டு விழாமல், தோகை குலையாமல்! யானைக் காது போல இலை விரித்த மஞ்சள் செடி ஒன்று! மூன்று கொத்து அரிசி போட்டாலும் இன்னும் தா என்று வாய் திறக்கும் மண்பானை ஒன்று! பொங்கி வழிந்தால் ஏழாம் மாடிக்கும் பங்கு!'

கரும்பு உண்மையில் ஒன்பதடி. மிச்சம் மூன்றடி என்னுடைய அன்பளிப்பு.

ஆனால் மூன்று கொத்துப் பானை நான் கூட்டிச் சொன்னதில்லை. தாட்சாயினி பானை வனைகிற ஆண்டியப்பனிடம் பேசி வைத்திருந்ததே அந்த அளவுதான். எங்கள் பக்கத்தில் வீட்டில் இரண்டே பேர் இருந்தாலும் பொங்குவது மூன்று கொத்து. ஒரு கொத்து என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி. அயலுக்கு அனுப்ப வேண்டும், வாசலால் போகிறவரைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும், மாட்டுக்கு வைக்க வேண்டும். பானை என்றால் அதுதான் பானை. அதைவிடச் சின்னது புக்கை பொங்குகிற பானையில்லை, மோர்ச் சட்டி. இதை எங்களில் ஒருவரும் ஒரு கணம்கூட யோசித்துப் பார்க்கவில்லை.

தகவல் போய் இரண்டு நாளில் அறுபத்தெட்டு இதயம் வந்தது. கும்பிட்ட கை நாற்பது. கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் எண்ணிலடங்காது. பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்?

ஒருவருமில்லை.

மூன்றாம் நாள் பிரேமிளா கோல் எடுத்தாள். தாட்சாயினி போனைச் சத்தமாக வைத்தாள்.

"தாட்சி, உந்தத் தகவலை ஆரடி எழுதினது?"

தாட்சாயினி என்னைப் பார்த்தாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"வாசிச்சுப்போட்டு என்ர மாமியார் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போனா. அது நல்லம். ஆனா ஆரும் வாங்கமாட்டினமடி. எங்கட லிப்ட் ஏழடி உயரம். பன்னிரண்டடிக் கரும்பை என்னண்டு கொண்டு வாறது? போன வருசம் ஒராள் ஒன்பதடிக் கரும்பைப் படியால தூக்கிக்கொண்டு ஏறி ஒவ்வொரு திருப்பத்திலையும் ஒவ்வொரு லைற்றை உடைச்சுப் போட்டார். அதுக்குப் பிறகு கரும்பைக் கண்டா வாசலில காவல் நிக்கிற வோச்சர் கேற்றைப் பூட்டிப்போடுறார்."

"சரி, கரும்பை விடு. பானை?"

"மூண்டு கொத்துப் பானையை எங்க வைக்கிறது? என்ர காஸ் அடுப்பு உன்ர குசினியில நீ குந்தியிருக்கிற பலகையளவு வரும். வீட்டில நாங்கள் மூண்டு பேர். மூண்டு கிலோ புக்கையை ஆர் தின்னுறது?"

"அயலுக்குக் குடுக்கிறது!" என்றேன் நான், பொறுக்க முடியாமல்.

"அயலும் பொங்குதுதானே மாமி? எல்லாரும் எல்லாருக்கும் குடுத்தா லிப்டுக்குள்ள புக்கைதான் போய் வரும்."

போனை வைத்த பிறகு தாட்சாயினி எழும்பினாள். கிணற்றடியில் போய் நின்று மஞ்சள் இலைகளைப் பார்த்தாள். அவள் பேசியிருந்தால் பரவாயில்லை. பேசுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"பிள்ளை," என்றேன், "நாங்கள் லிப்டைக் கண்டிருக்கிறமோ?"

"ஆஸ்பத்திரியில கண்டனான்."

"அதுக்குள்ள கரும்பு கொண்டு போனனியோ?"

"என்ன மாமி விசர்க் கதை?"

"அப்ப கொண்டு போய்ப் பாப்பம், வா."

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு கக்கூசு இருக்கிறது. ஏழடி உயரம், நாலடிக்கு நாலடி. லிப்ட் செய்கிறவன் வந்து அளவெடுத்துக்கொண்டு போனதுபோல அப்படியே. நான் கதவில் கரியால் 1 முதல் 8 வரை எழுதினேன். முற்றத்தில் செங்கல் அடுக்கி, ஆறடிக்கு நாலடியில் பல்கனி கட்டினேன். என்னுடைய இரண்டு பேர்னர் காஸ் அடுப்பைச் சிலிண்டரோடு தூக்கிக்கொண்டு வந்து அதற்குள் வைத்தேன். ஆண்டியப்பனுக்குச் செய்தி அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் நெளுக்குளமே திரண்டு வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சரி, ஆறு பேர் வந்தார்கள்.

முதலில் கரும்பு. கோகுலன் ஒன்பதடிக் கரும்பு இரண்டையும் தோளில் வைத்துக்கொண்டு கக்கூசுக்குள் போனான். தோகை வெளியே நின்றது. நிமிர்த்தினான், கூரைத் தகரத்தில் டணாரென்று இடித்தது. சரித்தான், கதவைச் சாத்த முடியவில்லை.

"எத்தினையாம் மாடி?" என்று வெளியிலிருந்து கேட்டேன்.

"மாமி, இதுக்குள்ள சிரிக்கவும் ஏலாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, கதவைச் சாத்தினாத்தான் லிப்ட் வெளிக்கிடும்!"

அவன் இழுத்துச் சாத்தினான். சடக்கென்று ஒரு சத்தம். கரும்பு ஒன்று அடியிலிருந்து மூன்றடியில் முறிந்து போனது. தாட்சாயினி வாயைப் பொத்தினாள். சூரியனுக்கு வைக்கிற கரும்பை முறிக்கிறதென்றால் அவளுக்குத் தன் கையை முறித்ததுபோல. 'ஒரு வெட்டு விழாமல்' என்று நான் எழுதியது சும்மா இல்லை. அது அவளுடைய கொள்கை. வெட்டின கரும்பு சாறு பிழிகிறவனுடைய கரும்பு என்பாள்.

அடுத்தது பானை. ஆண்டியப்பன் தன் சைக்கிளின் பின்கரியரில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பொன்னைப் போல மின்னுகிற பானை. அதைக் காஸ் அடுப்பில் வைத்தோம். இரண்டு பேர்னரையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அடி உருண்டையானபடியால் வைரவர் கோயில் பூசாரி உரு வந்து ஆடுகிறமாதிரி ஆடியது. தண்ணீரும் பாலும் விட்டு நெருப்பை உச்சத்தில் வைத்தேன். செங்கல் பல்கனிக்குள் தாட்சாயினியும் நானும் பானையும் நின்றோம். மூச்சுவிட ஒருவர் வெளியே போக வேண்டியிருந்தது.

ஐந்து நிமிடத்தில் பானை வெடித்தது. துண்டு துண்டாகப் பறந்து தென்னை வட்டில் போய் விழுந்தது என்றுதான் நான் ஊரில் சொல்லி வருகிறேன். உண்மையில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டால் பாலெல்லாம் அடுப்பில் இறங்கி நெருப்பு அணைந்தது.

"ஆண்டியப்பன், உம்மட பானை வெடிச்சுப் போச்சு!"

"பானை வெடிக்கல்லம்மா. நீங்கதான் வெடிக்க வச்சீங்க." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "புதுப் பானைய ராவெல்லாம் தண்ணியில ஊறப் போடணும். மறுநா அரிசி கழுவின தண்ணிய ஊத்தி, சின்ன நெருப்புல கொதிக்க வச்சு எறக்கணும். அப்புறந்தான் பொங்கணும். ஒங்களுக்குத் தெரியாததா?"

எங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒவ்வொரு வருடமும் செய்கிறோம். ஆனால் அன்றைக்கு அவசரத்தில் மறந்தோம். அப்போதுதான் தாட்சாயினி கேட்டாள்:

"எங்களுக்கே மறந்துபோச்செண்டால், கொழும்பில பத்து வருசமாக் குக்கரில பொங்கிற சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

பின்னால் கறுக், கறுக் என்று ஒரு சத்தம். பார்த்தால் கோகுலன் கக்கூசு வாசலில் குந்தியிருந்து முறிந்த கரும்பின் அடித்துண்டைத் தின்றுகொண்டிருக்கிறான்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு இப்பவும் தின்ன மனம் வருதோ?"

"அடிக்கரும்புதானேயப்பா இனிப்பு" என்றான் அவன், வாய் நிறைய.

தாட்சாயினி அவனைப் பார்த்தாள். பிறகு கக்கூசுச் சுவரில் சாய்ந்து நின்ற மிச்சக் கரும்பைப் பார்த்தாள். ஆறடி. தோகை தொங்கத் தொங்க, முறிந்த இடம் கீழே மறைந்து, ஒரு குறையுமில்லாமல் நின்றது. அவள் போய் அதைத் தூக்கினாள். தோகையைக் கீழே மடித்துச் சணலால் ஒரு சுற்றுக் கட்டினாள். கக்கூசுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். கதவு மூடிக்கொண்டது.

"மாமி!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "எட்டாம் மாடி!"

அன்றைக்கு இருட்ட முதல் எல்லாம் தீர்மானமானது. மேற்பக்கம் ஆறடி, தோகையோடு, சூரியனுக்குக் கும்பிட வைக்கிறதுக்கு. அடிப்பக்கம் மூன்றடியைத் துண்டு போட்டுத் தனியாகக் கட்டிப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிறதுக்கு. ஒரு கணுவும் வீணில்லை. பானை இரண்டு சுண்டு அரிசி பொங்கும் அளவு. அதாவது அரைக் கொத்து.

"மோர்ச் சட்டிக்கு நான் சூளை வைக்கிறதில்ல" என்று ஆண்டியப்பன் முறுக்கிக்கொண்டார். தாட்சாயினி முறிந்த கரும்பில் ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தின்று முடிக்கும்போது பானையின் அடி கொஞ்சம் தட்டையாகவும், வாய் வெளியே மடிந்ததாகவும் இருந்தால் பால் பேர்னரில் ஊற்றாது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று, பதினெட்டாம் திகதிக்குப் பிறகு ஒரு பானைகூடக் கூட்டிக் கேட்கக்கூடாது என்றார். மார்கழி மழையில் பச்சைப் பானை காய்வதற்கே இரண்டு கிழமை பிடிக்கும். காயாமல் சூளையில் வைத்தால் எல்லாம் வெடிக்கும்.

இரண்டாவது தகவலை எழுதத் தாட்சாயினி என்னை விடவில்லை. போனைத் தொடவும் விடவில்லை. ஆனால் பக்கத்தில் கதிரை போட்டு இருக்க விட்டாள்.

'நெளுக்குளத்திலிருந்து பொங்கல் கட்டு. தொடர்மாடி வீடுகளுக்கு.
ஆறடிக் கரும்பு 2, தோகையோடு. லிப்டுக்குள் வரும்.
தின்னக் கரும்புத் துண்டுகள்.
கிழங்கும் பச்சை இலையுமாக மஞ்சள் செடி 1. வேர் ஈரச் சாக்கில் சுற்றியிருக்கும்.
இரண்டு சுண்டு பொங்கும் மண்பானை 1. காஸ் அடுப்புக்கு ஏற்றது. மின்சார அடுப்புக்குச் சரிவராது.
பானையை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊற வைக்கவும். பிறகு அரிசி கழுவிய தண்ணீரைச் சின்ன நெருப்பில் கொதிக்க வைத்து இறக்கவும். அதன் பிறகு பொங்கவும்.
ஒரு கட்டு 3,500 ரூபா, வீட்டு வாசலில் தரப்படும்.
பதிவு டிசம்பர் 18 பின்னேரம் ஆறு மணி வரை. பானை காய நாள் வேண்டும் என்பதால் அதன் பின் எடுக்கமாட்டோம்.
பெயர், கட்டடம், மாடி, வீட்டு இலக்கம், காஸா மின்சாரமா என்று எழுதி அனுப்புங்கள். ஒவ்வொருவரோடும் நான் போனில் கதைப்பேன். தாட்சாயினி.'

"'யானைக் காது' எண்டு ஒரு சொல்லாவது போடன்" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மாமி, தந்தி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயை மூடினேன்.

இந்த முறை இதயம் குறைவு. சிரிப்பு இல்லவே இல்லை. ஆனால் முதல் நாளே ஒன்பது பதிவு. பிரேமிளாவின் மாமியார்தான் முதலாவது. பிறகு கொட்டாஞ்சேனையில் இன்னொரு தொடர்மாடிக்கு யாரோ அனுப்பிவிட, அங்கிருந்தும் வந்தது. தாட்சாயினி ஒவ்வொருவரையும் எடுத்துக் கதைத்தாள். "அக்கா, உங்கட பல்கனி எந்தப் பக்கம்?" என்பாள். "மேற்கெண்டால் குசினி யன்னலடியில வையுங்கோ, வெளிச்சம் பட்டாக் காணும்." ஒரு பெரியவர் மின்சார அடுப்பு என்று சொல்ல, "அப்ப பானை வேண்டாமையா, வீணாப் போகும்" என்று தன் வாயாலேயே ஒரு கட்டை வேண்டாம் என்றாள். வாங்குகிறேன் என்று வந்த மனுசனை யாராவது திருப்பி அனுப்புவார்களா?

பதினேழாம் திகதி பின்னேரம் எண்ணிக்கை நாற்பத்தைந்தில் வந்து படுத்துவிட்டது. எழும்புகிற நோக்கமில்லை. தாட்சாயினி தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போக இரண்டு சட்டையைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். அதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

என்னிடம் இன்னொரு பழைய போன் இருக்கிறது. அதை எடுத்தேன்.

மறுநாள் பின்னேரம் ஆறு மணிக்குத் தாட்சாயினி என் வீட்டில் இருந்தபடி கொப்பியை மூடினாள். "அம்பத்தொண்டு" என்றாள். கடைசி நாளில் மூன்று பேர் உண்மையாகவே பதிந்திருந்தார்கள். அதற்கு மேல் இன்னும் மூன்று பதிவு ஒரே நம்பரிலிருந்து. கொட்டாஞ்சேனை, மூன்று சகோதரிகள், பதின்நான்காம் மாடி, பதினைந்தாம் மாடி, பதினாறாம் மாடி.

"ஒரு நம்பர்தான் குடுத்திருக்கினம். மின்சார அடுப்போ எண்டு ஒருக்கால் கேட்டிட்டு முடிப்பம்" என்று அந்த நம்பருக்குக் கோல் எடுத்தாள்.

எனது அலுமாரிக்குள் கோயில் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. நான் அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்று, "கோயிலில பூசை போல" என்றேன். கோகுலன் குனிந்து அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்து, காதில் வைத்து, "ஹலோ, மூண்டு சகோதரியளும் இஞ்சதான் நிக்கினம்" என்றான்.

தாட்சாயினி சிரிக்கவில்லை.

"ஏன் மாமி?"

"அம்பது வரேல்லையெண்டா நீ போயிடுவாய்." அறுபத்திரண்டு வயதில் கண்ணீர் வருவது அசிங்கம். ஆகவே மூக்கைச் சிந்தினேன்.

"மூண்டு பானையை ஆண்டியப்பன் சும்மா வனைஞ்சிருப்பார். மூண்டு செடியைச் சும்மா கிண்டியிருப்பம். கொழும்பில போய் லொறிக்காரன் பதினாறாம் மாடியைத் தேடியிருப்பான். அந்தக் கட்டடத்தில பத்து மாடிதான் இருக்கு மாமி." கொப்பியைத் திறந்து மூன்று வரியையும் வெட்டினாள். ஒரே கோடு, நேராக. "நாப்பத்தெட்டு."

"நாப்பத்தெட்டும் அம்பதும் ஒண்டுதானே" என்றான் கோகுலன்.

"ஒண்டில்லை. லொறிக்காரனுக்கு ஒண்டில்லை."

அவள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பெயர் பெயராக வாசித்தாள். எட்டாம் மாடி, பிரேமிளாவின் மாமியார், காஸ், கிழக்குப் பல்கனி. மூன்றாம் மாடி, புது மாப்பிள்ளை பொம்பிளை, முதல் பொங்கல். ஐந்தாம் மாடி, மேற்கு, யன்னலடி. நாற்பத்தெட்டுப் பேரையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையின் மூடியைக் கடித்தாள். பிறகு பிரேமிளாவுக்குக் கோல் எடுத்தாள்.

"பிரேமி, உங்கட வோச்சருக்கு என்ன பேர்?"

"மனுசன்ர பேர் சிறிசேன. ஏனடி?"

"அவற்ர வீட்டில கரும்பு தின்னிற பிள்ளையள் இருக்கினமோ?"

"மூண்டு பேரப்பிள்ளையள். ஏன்?"

"தொண்ணூற்றாறு கரும்பு வந்து கேற்றில நிக்கேக்க அவர் பூட்டினாரெண்டால் என்ர கதை முடிஞ்சுது. அவருக்கொரு கட்டு. கொட்டாஞ்சேனை வோச்சருக்கும் ஒண்டு. ஆரும் காசு தரத் தேவையில்லை, என்ர செலவு. கரும்பு லிப்டால வருமெண்டு அவரிட்ட முதலே சொல்லி வைக்கிறியோ?"

அந்தப் பக்கம் பிரேமிளா சிரித்தது தபால் கந்தோர் வரை கேட்டிருக்கும்.

தாட்சாயினி கொப்பியில் நாற்பத்தொன்பது என்று எழுதினாள். ஐம்பது என்று எழுதினாள். இரண்டுக்கும் நேரே 'வோச்சர்' என்று போட்டாள். கள்ளப் பெயரில்லை, நிறைந்த கட்டு, இறங்குகிற வாசல் தெரிந்த கட்டு. லொறிக்காரனுக்கு எடுத்து, "அம்பது" என்றாள். எனக்கு முப்பத்து நான்கு வருடத்தில் இப்படியொரு தந்தி அடிக்க வரவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குப் போன் வந்தது. தொழிற்சாலையிலிருந்து ஒரு பிள்ளை, மிக மரியாதையாக.

"இல்லை மிஸ், நான் வரேல்லை," என்றாள் தாட்சாயினி. "ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். ஓம். எனக்கு இஞ்ச வேலை இருக்கு."

அதற்குள் வட்ஸ்அப்பில் ஏழு பேர் வந்து நின்றார்கள். நேற்றுத்தான் பார்த்தோம், இன்னும் பதியலாமா, ஒரு கட்டாவது வேண்டும், எவ்வளவென்றாலும் பரவாயில்லை என்று. நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். ஏழு! தேடி வந்த ஏழு!

"மாமி, இருங்கோ" என்றாள். ஏழு பேருக்கும் ஒரே பதில் எழுதினாள்: 'பதிவு நேற்று முடிந்தது. பானை காயாது. மன்னிக்கவும்.'

"தங்கச் சுரங்கத்தைத் தட்டி மூடுறாய்" என்றேன்.

"சுரங்கமில்லை மாமி, ஏழு கட்டு. வாங்கோ, கரும்பு பாத்துக் குறிக்க வேணும். மழைக்கு முதல் நூறு பாக்க வேணும்."

என் பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து நூறு துண்டாக்கினோம். கரும்புக்குள் இறங்கி நல்ல நிமிர்ந்ததாக, பூச்சி விழாததாகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துண்டாகக் கட்டினோம். கோகுலன் அளவுகோல் பிடித்தான். தாட்சாயினி முன்னால் போனாள். சேறு முழங்கால் வரை.

"இது காணுமோ?" என்று ஒன்றைக் காட்டினேன்.

"காணாது. அஞ்சடிதான் வரும்."

"ஆறு எண்டு சொல்லுவம்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கரும்பைப் பிடித்து அசைத்துப் பார்த்துக்கொண்டு, "துண்டைக் கழட்டுங்கோ மாமி" என்றாள்.